நீர் ராக்கெட்: மூடித் துளையும் நீரின் அளவும் உயரத்தை எப்படி மாற்றுகின்றன?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான செயல்திட்ட அறிக்கை
பதினொன்றாம் வகுப்பு, இயற்பியல் பிரிவு, பெரம்பூர், சென்னை

நோக்கம்

ஒரே பாட்டில், ஒரே அழுத்தம். மூடியில் உள்ள துளையின் விட்டத்தையும் உள்ளே ஊற்றும் நீரின் அளவையும் மட்டும் மாற்றினால் ராக்கெட் ஏறும் உயரம் எவ்வளவு மாறும் என்பதே எங்கள் கேள்வி. உயரத்தை அளக்க உயரமானியோ ட்ரோனோ எங்களிடம் இல்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் படித்த ஏற்றக்கோணமும், கோணமானியில் கட்டிய நூல்குண்டும்தான் எங்கள் கருவிகள். எனவே இந்தக் கருவிகள் எந்த அளவு வித்தியாசத்தை உண்மையாகவே காட்டும் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டியிருந்தது. அறிக்கையில் பாதி அதைப் பற்றியதுதான்.

ராக்கெட்டும் ஏவுதளமும்

1.25 லிட்டர் குளிர்பான பாட்டிலைப் பயன்படுத்தினோம். விளிம்பு வரை நிரப்பினால் அது 1300 மி.லி. கொள்கிறது. சாதாரணத் தண்ணீர் பாட்டில் இதற்கு ஆகாது. வாயு அடைத்த பானங்களுக்கான பாட்டில்தான் அழுத்தத்தைத் தாங்கும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் வெட்டிய மூன்று துடுப்புகளும், தலையில் பாதி டென்னிஸ் பந்தும், அதற்குள் கொஞ்சம் களிமண்ணும் சேர்ந்து வெற்று எடை 120 கிராம். எடை முன்பக்கம் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும். களிமண் இல்லாதது காற்றில் குட்டிக்கரணம் போடும்.

நான்கு மூடிகள். மூன்றில் 5, 9, 13 மி.மீ. துளைகள். நான்காவதன் மேல்தட்டையை ஏறக்குறைய முழுவதும் வெட்டி 21 மி.மீ. ஆக்கினோம். துளையை மாற்றினாலும் ஏவுதளம் மாறக் கூடாது என்பதால், மூடியை ஒரு ரப்பர் வாஷர்மீது கவிழ்த்து, பாட்டில் கழுத்தின் வளையத்தை இரும்புக் கவைக்கம்பியால் அழுத்திப் பிடித்தோம். வாஷரின் நடுவே சைக்கிள் கடை அண்ணன் பொருத்திக் கொடுத்த ட்யூப் வால்வு. அதனால் நீர் பம்புக்குத் திரும்பாது. தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தால் கம்பி விலகும். 21 மி.மீ. மூடியில் அந்தக் கம்பி தாங்க வேண்டிய விசை சுமார் 143 நியூட்டன். ஏறத்தாழ பதினான்கரை கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். கம்பி ஏன் அவ்வளவு தடிமன் என்று பார்வையாளர்கள் கேட்பார்கள் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

அழுத்தம் எல்லா ஏவலிலும் 60 பி.எஸ்.ஐ., அதாவது வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 4.1 பார். புதிய பாட்டில் ஒவ்வொன்றையும் முதலில் விளிம்பு வரை நீர் நிரப்பி அழுத்திச் சோதித்தோம். நீர் அமுங்காது, அதனால் பாட்டில் கிழிந்தாலும் கசிவதோடு முடியும். காற்று நிரம்பிய பாட்டில் கிழிந்தால் வெடிக்கும். கயிறு இழுப்பவர் உட்பட எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தோம். பம்பின் குழாய் நீளம் ஆறு மீட்டர்.

உயரத்தை அளந்த முறை

ஒருவர் மட்டும் ஒரு பக்கம் நின்று கோணம் பார்த்து `h = d tan θ` என்று போட்டால், ராக்கெட் செங்குத்தாகப் போயிருந்தால்தான் விடை சரி. சென்னையில் அது நடக்காது. காலையில் மைதானத்தில் மேற்கிலிருந்து லேசான தரைக்காற்று. முற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து புகுந்துவிடும். துடுப்பு வைத்த ராக்கெட் காற்று வரும் திசையை நோக்கியே மூக்கைத் திருப்பும். ஆகவே காலையில் மேற்கே சாயும், பிறகு கிழக்கே சாயும்.

இதையே எங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டோம். ஏவுதளத்துக்கு மேற்கே 40 மீட்டரில் ஒருவர், கிழக்கே 40 மீட்டரில் இன்னொருவர். இருவரும் காற்றின் கோட்டிலேயே நிற்பதால் ராக்கெட் யார் பக்கம் சாய்ந்தாலும் அவருடைய கோணம் கூடும், மற்றவருடையது குறையும். இருவருக்கும் இடையிலான 80 மீட்டரை D என்று கொண்டால்:

```
h = D / (cot α + cot β) + 1.3
```

1.3 மீட்டர் என்பது தரையிலிருந்து கோணமானியின் உயரம். 9 மி.மீ. துளை, 400 மி.லி. நீரில் ஒரு ஏவலை மாதிரியாகக் காட்டுகிறோம். மேற்கே நின்றவர் 47°, கிழக்கே நின்றவர் 39° படித்தார்கள்.

```
cot 47° = 0.9325,  cot 39° = 1.2349
h = 80 / 2.1674 + 1.3 = 38.2 மீ
```

மேற்கே இருந்தவரை மட்டும் நம்பியிருந்தால் 44.2 மீ என்றும், கிழக்கே இருந்தவரை மட்டும் நம்பியிருந்தால் 33.7 மீ என்றும் எழுதியிருப்போம். ஒரே ராக்கெட், ஒரே ஏவல், பத்து மீட்டர் வித்தியாசம்! ராக்கெட் மேற்கே ஐந்தரை மீட்டர் சாய்ந்ததுதான் காரணம். கோட்டுக்குக் குறுக்கே, வடக்கிலோ தெற்கிலோ, அதே அளவு சாய்ந்தால் பிழை ஒரு சதவீதம்தான். 40 மீட்டர் தூரம் 40.4 மீட்டராக மாறுவது விடையை அதிகம் அசைக்காது.

ஏன் 40 மீட்டர்? கோணத்தில் ஏற்படும் சிறு பிழை உயரத்தை எந்த விகிதத்தில் பாதிக்கும் என்று வகையிட்டுப் பார்த்தால் `2Δθ / sin 2θ` வருகிறது. இது 45 பாகையில் மிகக் குறைவு. எதிர்பார்க்கும் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் நிற்பதே நல்லது. பத்து மீட்டரில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு பாகைப் பிழைக்கு உயரம் 2.4 மீட்டர் தவறும். 40 மீட்டரில் நின்றால் 1.3 மீட்டர்தான்.

துளைகளையும் நீரின் அளவுகளையும் வரிசையாக ஏவாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஏவினோம். இல்லாவிட்டால் கடைசியில் வந்த அளவுகளுக்கு மட்டும் கடற்காற்று எதிரியாகியிருக்கும்.

முடிவுகள்

ஒவ்வோர் அமைப்பிலும் மூன்று ஏவல்கள், உயரங்கள் மீட்டரில்.

| துளை (மி.மீ.) | நீர் (மி.லி.) | சராசரி | குறைந்தது – கூடியது |
|---|---|---|---|
| 9 | 200 | 32 | 31 – 34 |
| 9 | 300 | 35 | 33 – 37 |
| 9 | 400 | 37 | 35 – 39 |
| 9 | 550 | 33 | 31 – 35 |
| 9 | 700 | 23 | 21 – 25 |
| 5 | 400 | 25 | 20 – 29 |
| 13 | 400 | 38 | 36 – 40 |
| 21 | 400 | 36 | 33 – 38 |

இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒருவர் கோணம் படிப்பதில் இரண்டு பாகை வரை தவறலாம். உச்சியில் ராக்கெட் நிற்கும் அந்த ஒரு நொடியில் நூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நூலோ ஆடிக்கொண்டிருக்கும். இருவரும் தனித்தனியே அப்படித் தவறினால் ஓர் ஏவலின் உயரத்தில் சுமார் 1.8 மீட்டர் பிழை. மூன்றின் சராசரியில் அது ஏறத்தாழ 1 மீட்டராகிறது.

ஆகவே 13 மி.மீ. துளைதான் சிறந்தது என்று நாங்கள் எழுத மாட்டோம். 9, 13, 21 ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள ஒன்றிரண்டு மீட்டரை எங்கள் கோணமானி பிரித்துக் காட்டாது. 300, 400 மி.லி. இரண்டில் எது மேல் என்பதும் அப்படியே. ஆனால் 5 மி.மீ. துளை பின்தங்குவதும், 700 மி.லி. நீர் ராக்கெட்டை அமுக்கிவிடுவதும் பிழையின் எல்லையைத் தாண்டி நிற்கின்றன. இவை இரண்டும் உறுதி.

ஏன் இப்படி?

வெளியேறும் நீரின் வேகம் `v = √(2P/ρ)`. இங்கே P என்பது வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம். தொடக்கத்தில் நொடிக்கு சுமார் 29 மீட்டர். இதில் துளையின் விட்டம் வரவே இல்லை. உந்துவிசை `F = 2AP`, விட்டம் இங்கேதான் நுழைகிறது. 9 மி.மீ. துளைக்கு சுமார் 53 நியூட்டன், 5 மி.மீ. துளைக்கு 16 நியூட்டன். மூடியில் கூர்மையாக வெட்டிய துளையில் நீர்த்தாரை துளையைவிட ஒடுங்கி வெளியேறுவதால் உண்மையில் 5 மி.மீ. துளைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 நியூட்டன்தான். 400 மி.லி. நீருடன் ராக்கெட்டின் எடையே 5 நியூட்டன். பாதி விசை எடையைச் சுமப்பதிலேயே போய்விடுகிறது.

கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்துப் பார்த்தபோது, 5 மி.மீ. துளையில் நீர் தீர ஒரு நொடிக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுவதும் புவியீர்ப்பு வேகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மெதுவாகப் புறப்படும் ராக்கெட்டின் துடுப்புகளுக்குப் போதிய காற்றோட்டம் கிடைக்காததால் அது எளிதில் காற்றின் பக்கம் திரும்பவும் செய்கிறது. அந்த வரிசையில் மட்டும் 20 முதல் 29 வரை உயரங்கள் சிதறியது இதனால்தான் என்று கருதுகிறோம். 9 மி.மீ. துளையில் அரை நொடிக்குள் எல்லாம் முடிகிறது. அதற்கு மேல் துளையைப் பெரிதாக்கினால் மிச்சமாவது கொஞ்ச நேரம்தான். கூடுதல் வேகம் கிடைத்தாலும் அதைக் காற்றுத்தடை வாங்கிக்கொள்கிறது. தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எங்கள் ராக்கெட் 60 மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும்.

நீரின் அளவில் இழுபறி வேறு விதம். நீர் அதிகம் என்றால் வெளியே தள்ள நிறைய நிறை உண்டு. ஆனால் தள்ளுவதற்கான காற்று குறைவு. 700 மி.லி. ஊற்றினால் 600 மி.லி. காற்று 1300 மி.லி. அளவுக்கு விரிய வேண்டும். பாயில் விதியைப் போட்டால் இறுதி அழுத்தம் 2.4 பார் (வளிமண்டலத்தையும் சேர்த்து) வரும். ஆனால் இவ்வளவு வேகமான விரிவில் வெப்பம் உள்ளே வர நேரமில்லை. காற்று குளிர்ந்து அழுத்தம் இன்னும் சரிந்து சுமார் 1.7 பாருக்கு இறங்குகிறது. கடைசி நீர் நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில்தான் வெளியேறும். விழுந்த பாட்டிலை உடனே ஓடிப்போய் எடுத்தால் உள்ளே வெள்ளையாக மூடுபனி நிற்பதைப் பார்க்கலாம். குளிர்ந்த காற்றில் நீராவி துளியாவதுதான் அது. சென்னையின் ஈரப்பதமான காலையில் அது நன்றாகவே தெரிந்தது. இயற்பியல் ஆசிரியைக்குக் காணொளியைவிட அந்தப் பாட்டில்தான் பிடித்திருந்தது.

200 மி.லி. நீரில் நிலைமை தலைகீழ்: நீர் சீக்கிரம் தீர்ந்து, பலமான காற்று மிச்சம் இருக்கிறது. அந்தக் காற்றும் பீய்ச்சிக்கொண்டு வெளியேறி ஓரளவு தள்ளுகிறது. 200 மி.லி. ராக்கெட் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மேலே போனது அதனால்தான்.

அடுத்து செய்ய இருப்பது

துளையை இனி 9 மி.மீ. அளவில் நிறுத்திவிட்டு வெற்று எடையை மாற்றப் போகிறோம். எடையைக் கூட்டினால் புறப்படும் வேகம் குறையும். ஆனால் கனமான ராக்கெட்டைக் காற்றுத்தடை அவ்வளவு எளிதில் நிறுத்தாது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் உச்சம் இருக்க வேண்டும். களிமண்ணை 30 கிராம் வீதம் கூட்டிக்கொண்டே போய், அதே 80 மீட்டர்க் கோட்டில், கடற்காற்று புகுவதற்கு முன்பே எல்லா ஏவல்களையும் முடித்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம்.