நெத்திலி சம்பல் வீடியோ: தொடக்கம், 20 வினாடி வடிவம்

அக்கா, வணக்கம்.

இன்னும் வெட்டி ஒட்டாத கரட்டு வீடியோவை முழுசா பார்த்துட்டேன். சமையல் பகுதியில நான் கை வைக்கல, அது அருமையா வந்திருக்கு. தொடக்கத்தைத்தான் மாத்தி எழுதியிருக்கேன். இப்போ இருக்கிறபடி விட்டா, அடுப்புல சட்டி முதல் தடவையா தெரியறதே 1:52லதான். சம்பல் பார்க்க வந்தவங்க அதுவரைக்கும் உங்க முகத்தையும் பின்னாடி ஃபிரிட்ஜையும்தான் பார்க்கணும்.

நீங்க பேசினதை அப்படியே எழுதி வச்சேன். எதை எடுத்தேன், எதை விட்டேன்னு உங்களுக்கே தெரியட்டும்.

பழைய தொடக்கம் (0:00 – 1:52)

"வணக்கம் வணக்கம் வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். பினாங்குல ஒரே மழை, துணி காயவே மாட்டேங்குது, உங்க ஊர்ல எப்படின்னு கமெண்டுல சொல்லுங்க. ஹான், இன்னிக்கு என்ன சமைக்கப் போறோம்னா, அதுக்கு முன்னாடி, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருக்கிறவங்க சப்ஸ்கிரைப் பண்ணிருங்க, பக்கத்துல பெல் இருக்கும், அதையும் ஒரு தட்டு தட்டிருங்க. போன வீடியோவுல நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அக்கா அந்தக் கிச்சாப் கோழிக்கு எந்தக் கிச்சாப்புனு, அதுக்குத் தனியா பதில் போடறேன். சரி. காலையில சௌராஸ்டா பசாருக்குப் போயிருந்தேன். பார்க்கிங்கே கிடைக்கல லா, சுத்தி சுத்தி வந்தேன். உள்ள போய் நெத்திலி விலையைக் கேட்டா மயக்கமே வந்துருச்சு. அந்தக் கடைக்கார அங்கிள் தெரிஞ்சவர்தான், ஆனா ஒரு வெள்ளி கூட குறைக்கல. என்ன செய்யறது, நாசி லெமாக்குனா நெத்திலி சம்பல் இல்லாம முடியுமா? யுனெஸ்கோவே நாசி லெமாக்குக்குப் பட்டம் கொடுத்துட்டாங்க, தெரியும்ல? எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல, பட்டர்வொர்த்துல எங்க மாமியார் வீட்டுல, முதல் தடவையா சம்பல் வச்சேன். ஒரே பச்சை வாசனை. மாமியார் திட்டல. சட்டியைத் திரும்ப அடுப்புல ஏத்திட்டு, 'எண்ணெய் மேல வரட்டும்மா, அதுவரைக்கும் சீனியைத் தொடாதே'ன்னாங்க. அன்னையிலேர்ந்து அப்படித்தான் செய்யறேன். ஐயோ ரொம்பப் பேசறேன், என் மகள் திட்டுவா. வாங்க வாங்க, சமைக்கலாம். இன்னிக்கு நெத்திலி சம்பல்."

இதுல தங்கம் மாதிரி ஒரு வரி இருக்கு, அது உங்க மாமியாரோடது. 1:30க்கு மேல போய் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. அந்த ஒரு வரியில சமையல் குறிப்பும் இருக்கு, கதையும் இருக்கு. அதனால அதை முன்னாடி இழுத்து, மத்ததை அதைச் சுத்தி வச்சேன்.

புதிய தொடக்கம் (0:00 – 0:20)

0:00 – 0:03
படம்: சட்டி மட்டும், கிட்டத்துல. கரட்டு வீடியோவுல 14:20ல ஓரத்துல எண்ணெய் ஊறி வருதே, அந்தத் துண்டு. பாட்டு வேண்டாம், கொதிக்கிற சத்தமே போதும்.
குரல்: "சம்பல் வச்சா பச்சை வாசனை அடிக்குதா?"

0:03 – 0:11
படம்: அகப்பை அடியிலேர்ந்து கிண்டி எடுக்கிறது. 'சீனி' வர்ற இடத்துல மூடியிருக்கிற சீனி டப்பா.
குரல்: "எனக்கும் அடிச்சுது. மாமியார் சட்டியைத் திரும்ப அடுப்புல ஏத்திட்டுச் சொன்னாங்க: எண்ணெய் மேல வரட்டும்மா. அதுவரைக்கும் சீனியைத் தொடாதே."

0:11 – 0:18
படம்: நீங்க கும்பிடறது. அப்புறம் மூணு சின்னத் துண்டு: எண்ணெய், சீனி, நெத்திலி.
குரல்: "வணக்கம். இன்னிக்கு நெத்திலி சம்பல். எண்ணெய் எப்போ பிரியுது, சீனி எப்போ போடறது, நெத்திலியை எப்போ சேர்க்கிறது, மூணையும் சட்டியிலேயே காட்டறேன்."

0:18 – 0:20
படம்: பலகையில காய்ந்த மிளகாய், கத்தரிக்கோல்.
குரல்: "மிளகாயிலேர்ந்து ஆரம்பிப்போம்."

மொத்தம் 37 சொல்தான். உங்க வேகத்துக்கு நாற்பதைத் தாண்டினா மூச்சு வாங்கும், அப்புறம் செய்தி வாசிக்கிற மாதிரி ஆயிடும். 'மேல வரட்டும்மா'வுக்கு அப்புறம் ஒரு மூச்சு விடுங்க, அவசரப்படாதீங்க. மாமியார் குரல்ல பேசிக் காட்ட வேண்டாம். நீங்க சாதாரணமா சொல்லும்போதே அவங்க வந்து நிக்கறாங்க.

மூணு வணக்கத்துல ஒண்ணை மட்டும் வச்சிருக்கேன். அதுவும் போயிட்டா பழைய ஆளுங்க கோவிச்சுப்பாங்கனு நீங்க சொல்வீங்க, எனக்கும் அது சரின்னுதான் படுது. ஆனா முதல் சொல்லா வேண்டாம். சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பார்க்கிறவங்களுக்காக முதல் கேள்வியைத் திரையில எழுத்தாவும் போடறேன்.

ஏன் சரியா இருபதுன்னு கேட்டீங்கன்னா, யூடியூப் ஸ்டூடியோவுல 30 வினாடிக்கு அப்புறம் எத்தனை பேர் மிச்சம் இருந்தாங்கனு தனியா காட்டும். இருபதுல பேச்சை முடிச்சா, மிச்சப் பத்து வினாடிக்குள்ள கை வேலை ஒண்ணைக் காட்டிரலாம். அந்தப் பத்து வினாடிக்கும் எழுதிட்டேன்:

0:20 – 0:30
குரல்: "மிளகாயை நறுக்கி, விதையைத் தட்டி எடுத்துருங்க. விதை போனா காரம் கொஞ்சம் அடங்கும், விழுதும் வழவழன்னு வரும். அப்புறம் சுடுதண்ணியில ஊறட்டும்."

வெட்டினது எங்கே போகுது

மழை, பார்க்கிங், விலை மூணும் போகட்டும். குறிப்பா விலை. அடுத்த வருஷம் பார்க்கிறவங்களுக்கு அது எதுக்கு? கிச்சாப் பதிலை முதல் கமெண்டா எழுதிப் பின் பண்ணிருங்க. மத்ததுக்கெல்லாம் வீடியோவுக்குள்ளேயே நல்ல இடம் இருக்கு.

3:10, நெத்திலி கழுவற இடம். இங்க நீங்க ஒண்ணும் பேசல, வெறும் குழாய்ச் சத்தம். பசார் இங்க வரட்டும்:

"சௌராஸ்டா பசார்ல வாங்கின நெத்திலி. தலையையும் குடலையும் கிள்ளிட்டு, ரெண்டு தண்ணியில அலசி, துணியில ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது."

9:40, விழுது வதங்கற இடம். சப்ஸ்கிரைப் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இங்க எல்லாரும் காத்துக்கிட்டுதான் இருக்காங்க:

"தீயைக் குறைச்சே வைங்க. வெங்காயத்துல இருக்கிற தண்ணி, அரைக்க விட்ட தண்ணி, எல்லாம் வத்தினாதான் எண்ணெய் பிரியும். பெலாச்சான் இருக்கு, அடி பிடிக்கும், கிண்டிக்கிட்டே இருக்கணும். சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க இப்போ பண்ணிருங்க, என் கைக்கு வேலை இருக்கு."

14:20, எண்ணெய் பிரியற இடம். அக்கா, இதை நீங்க கட்டாயம் பேசணும். கரட்டுல 'ஆங், வந்துருச்சு'ன்னு மட்டும் சொல்லிட்டுச் சீனியைக் கொட்டறீங்க. தொடக்கத்துல மூணு காட்டறேன்னு வாக்குக் கொடுக்கிறோம், உள்ள வந்தவங்களுக்கு அது கண்ணுல படணும். அதனால அந்தத் துண்டைக் கொஞ்சம் நீட்டி ஓட்டறேன், மேல இந்தக் குரல்:

"ஓரத்தைப் பாருங்க. பளிச்சுனு இருந்த சிவப்பு கருத்து வந்திருக்கு. அகப்பையால ஒதுக்கினா எண்ணெய் தனியா ஓடி வருது. மோந்து பார்த்தா பச்சை வாசனை இல்ல. இப்போதான் புளித்தண்ணி, உப்பு, கூலா மலாக்காச் சீனி. சீனியை முன்னாடியே போட்டா விழுது வேகறதுக்குள்ள சீனி கருகிக் கசந்துரும்."

16:05, நெத்திலி சேர்க்கிற இடம். நீங்க பாதியை உள்ள போட்டுட்டு மீதியை எடுத்து வைக்கிறீங்க. கை செய்யுது, வாய் சொல்லல:

"பொரிச்ச நெத்திலியில பாதி இப்போ. இது ஊறி சம்பலுக்கு ருசி கொடுக்கும். மீதியைப் பரிமாறும்போது மேல தூவுங்க, அது கடிக்கிறதுக்கு."

17:30, வாழையிலையில சோறு வைக்கிற இடம். யுனெஸ்கோ இங்க வரலாம், ஆனா நீங்க சொன்னபடி இல்ல. பட்டியல்ல சேர்ந்தது நாசி லெமாக் மட்டும் இல்லக்கா, மலேசியக் காலைச் சாப்பாட்டுப் பண்பாடு. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூணுமே அதுல வருது. 2024 டிசம்பர்ல சேர்த்தாங்க. பட்டம்னு சொன்னா கமெண்டுல நாலு பேர் பிடிச்சுப்பாங்க. இப்படிச் சொல்லலாம்:

"நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக், நம்ம காலைப் பசியாறல் 2024ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. நம்ம வீட்டுல காலைக்கு எடுத்து வச்ச சம்பல் ராத்திரியே காலியாயிரும்."

ரெண்டாவது வரி என் சேர்க்கை. உங்க வீட்டுக்குப் பொருந்தலைனா எடுத்துருங்க.

மாமியார் வேண்டாம்னு சொன்னா

அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. அவங்க கதை, அவங்க வாக்கு. கூச்சப்பட்டாங்கன்னா இதைப் படிங்க, நேரம் அதே இருபதுதான், படமும் மாறாது:

"சம்பல் வச்சா பச்சை வாசனை அடிக்குதா? மிளகாயில குத்தம் இல்ல. சட்டியைச் சீக்கிரம் இறக்கிட்டீங்க. எண்ணெய் மேல வரணும், அதுவரைக்கும் சீனியைத் தொடக்கூடாது. வணக்கம். இன்னிக்கு நெத்திலி சம்பல். எண்ணெய், சீனி, நெத்திலி, எது எப்போன்னு சட்டியிலேயே காட்டறேன். மிளகாயிலேர்ந்து ஆரம்பிப்போம்."

இது கொஞ்சம் வாத்தியார் மாதிரி இருக்கு. முதல் வடிவம்தான் என் ஆசை.

பதிவு

குரலை மட்டும் போன்ல பதிஞ்சு அனுப்புங்க, முகம் வேண்டாம். 0:11ல வர்ற 'வணக்கம்' துண்டுக்கு மட்டும் பழைய தொடக்கத்துலேயே நீங்க கையெடுத்துக் கும்பிடற இடம் இருக்கு, வாய் அசைவும் பொருந்துது. மிச்சத்துக்குப் படம் சட்டிதான்.

சமையல்கட்டுல பதிய வேண்டாம், ஃபிரிட்ஜ் சத்தம் உள்ள வருது. படுக்கை அறையில, துணி அலமாரியைத் திறந்து வச்சு அதைப் பார்த்துப் பேசுங்க, எதிரொலி அடங்கும். ஃபேனை நிறுத்திருங்க. மழை பெய்யும்போது வேண்டாம், பின்கட்டு ஸிங்குக் கூரையில விழற சத்தத்தை என்னால எடுக்க முடியாது. ஒவ்வொரு துண்டையும் ரெண்டு தடவை படிச்சு, நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுங்க. போனை வாய்க்கு நேரா பிடிக்காம கொஞ்சம் ஓரமா பிடிங்க, 'ப' வர்ற இடத்துல காத்து அடிக்காது.

வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள ஒலி வந்துருச்சுன்னா வெள்ளிக்கிழமை வெட்டி ஒட்டி அனுப்பிருவேன். சனிக்கிழமை காலையில ஏத்திரலாம். ஞாயித்துக்கிழமைப் பசியாறலுக்குச் சம்பல் வைக்கிறவங்க அதுக்குள்ள பார்த்துருவாங்க.