பணிக்குத் திரும்பும் உடல், மனத் தகுதிச் சான்றுக் கடிதம்

மாட்டுங்கா கிழக்கு, மும்பை
12 செப்டம்பர் 2025

பெறுநர்:
தலைமையாசிரியை அவர்கள்,
மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி, தாராவி, மும்பை.

பொருள்: கணித ஆசிரியை திருமதி சு. கலைவாணி (வயது 38) 15 செப்டம்பர் 2025 திங்கட்கிழமை முதல் பணியில் சேரத் தகுதியானவர் என்பது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கலைவாணி டீச்சர் 10 ஜூலை 2025 முதல் என் சிகிச்சையில் இருந்து வருகிறார். நேற்று, செப்டம்பர் 11 அன்று, அவரை மீண்டும் முழுமையாகப் பரிசோதித்தேன். வரும் திங்கட்கிழமை முதல் அவர் வகுப்பெடுக்கத் தகுதியான நிலையில் இருக்கிறார் என்று சான்றளிக்கிறேன். ஜூலை 9 முதல் செப்டம்பர் 14 வரை அவர் எடுத்த விடுப்பு மருத்துவக் காரணத்துக்காக எடுத்தது. அது அவசியமான விடுப்பு.

அலுவலகத்துக்கு வேண்டிய ஆங்கிலப் படிவத்தை, என் பதிவு எண்ணும் முத்திரையும் இட்டு, தனியாக இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதக் கேட்டவர் டீச்சர்தான். தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதை வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும் என்றார். படித்துவிட்டுக் கையெழுத்திட்டுச் சம்மதமும் கொடுத்திருக்கிறார். கீழே உள்ள விவரங்களை அந்தச் சம்மதத்தின் பேரில்தான் எழுதுகிறேன்.

ஜூலை 8 அன்று ஏழாம் வகுப்பில் நடந்ததை நீங்களே நேரில் பார்த்தீர்கள். கையில் சாக்பீஸ் நடுங்கியது, மூச்சு முட்டியது, நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்தது போல இருந்தது, செத்துவிடுவோம் என்றே நினைத்தார். அன்று மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியும் ரத்தப் பரிசோதனைகளும் சரியாகவே இருந்தன. பிறகு நான் பார்க்கச் சொன்ன தைராய்டிலும் ஹீமோகுளோபினிலும் குறை எதுவும் இல்லை. அவருக்கு வந்தது கடுமையான பதற்றத் தாக்குதல். பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்விப் படிவத்தில் முதல் நாள் 21-க்கு 18 வந்தது. 15-ஐத் தொட்டாலே அதைக் கடுமையானது என்போம். அப்போது அவருக்குத் தூக்கம் இரண்டு மணி நேரம்தான். ரயிலில் ஏறவே முடியவில்லை. பள்ளியின் பெயரைச் சொன்னாலே கை வியர்த்தது.

இரண்டு மாதம் ஏன் ஆனது என்று யாராவது கேட்கலாம். இந்த நோய்க்குத் தரும் மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் பிடிக்கும். அதற்கு மேல், பயந்து ஒதுங்கிய இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பழக வேண்டும். அந்த உழைப்பு முழுக்க அவருடையது. எட்டு வாரம் தவறாமல் ஆலோசனைக்கு வந்தார். முதலில் மதிய நேரத்தில், கூட்டம் இல்லாத வண்டியில், சயானிலிருந்து தாதர் வரை மட்டும் போனார். அப்புறம் காலை நெரிசலில் கல்யாணிலிருந்து சயான் வரை முழுத் தூரமும். ஒருநாள் குர்லாவில் படபடப்பு வந்தது. இறங்கிவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். சில நிமிடங்களில் அது தணிந்துவிட்டது. செப்டம்பர் 6 அன்று விநாயகர் விசர்ஜன ஊர்வலத்தில், டோல் சத்தத்துக்கு நடுவே, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றதை இங்கே வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் மறக்கவில்லை.

நீங்கள் அனுமதித்தபடி செப்டம்பர் 10 மாலை, பள்ளி விட்ட பிறகு, அதே வகுப்பறைக்குப் போய் வந்தார். கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்றை எழுதி, காலி பெஞ்சுகளுக்கு இருபது நிமிடம் பாடம் நடத்தியிருக்கிறார். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டீர்கள் என்றும் சொன்னார். அதற்கு என் நன்றி.

நேற்று அதே படிவத்தில் அவருக்கு வந்தது 4. ஆறு, ஏழு மணி நேரம் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். கவனம், நினைவு, முடிவெடுக்கும் திறன் எல்லாம் சரியாக இருக்கின்றன. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் எப்போதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. பிள்ளைகளுக்கு அவரால் எந்த ஆபத்தும் கிடையாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆரம்பத்தில் கொடுத்த, மயக்கம் தரக்கூடிய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து ஆகஸ்ட் 20 அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது எடுப்பது காலையில் ஒரே மாத்திரை. நன்றாகத் தேறிய பிறகும் சில மாதங்கள் அதைத் தொடர்வது வழக்கம். இந்த மாத்திரையால் அவருக்கு அசதியோ தூக்கக் கலக்கமோ இல்லை.

முழுப் பாடவேளையையும் முதல் நாளே தலையில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் 15 முதல் 27 வரை நாளுக்கு மூன்று பாடவேளை போதும். 29 திங்கட்கிழமை முதல் வழக்கமான முழு வேலை. வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு போல வீடு வீடாக ஏறி இறங்கும் கூடுதல் பணிகளை நவம்பர் முடியும் வரை அவருக்குக் கொடுக்காதீர்கள். வகுப்பை மட்டும் குறைத்துவிட்டு அந்த இடத்தில் அலுவலக வேலையை நிரப்பினால் பயன் இல்லை. ஏழாம் வகுப்பை அவரிடமிருந்து மாற்றிவிடவும் வேண்டாம். அந்த வகுப்புக்குத் திரும்புவதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டார்.

மறுபடி படபடப்பு வரவே வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வரலாம். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வராந்தாவில் ஐந்து பத்து நிமிடம் நிற்க அனுமதித்தால் போதும். சுற்றிக் கூட்டம் கூடி விசிறுவதும், தண்ணீரோடு ஓடிவருவதும் பதற்றத்தைக் கூட்டிவிடும். ஒருவர் மட்டும் அமைதியாக அருகில் இருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, அப்போது மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பிள்ளைகள் அன்று பயந்துபோனார்கள் என்று அறிந்தேன். “டீச்சருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேறிவிட்டார்” என்று திங்கட்கிழமைக்கு முன்பே நீங்கள் சொல்லி வைத்தால், அவர் உள்ளே நுழையும்போது பாதி பாரம் குறையும். ஆசிரியர் அறையிலும் அதே வார்த்தைகள் போதும். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, இவருடைய சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை இவருக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் உங்கள் பார்வைக்கு மட்டும். வருகைப் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டாமல், பூட்டிய அலமாரியில் வையுங்கள். மேலிடத்துக்கு அனுப்ப ஆங்கிலப் படிவம் போதும். அதில் நோயின் பெயர் இல்லை.

அடுத்த பரிசோதனை அக்டோபர் 11, சனிக்கிழமை பிற்பகல். அன்று அவர் சற்று முன்னதாகக் கிளம்ப அனுமதி கொடுங்கள். இடையில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், முதலில் டீச்சரிடமே கேளுங்கள். அவர் சம்மதித்தால், படிவத்தில் உள்ள எண்ணில் மாலை ஆறு மணிக்கு மேல் என்னை அழைக்கலாம்.

இப்படிக்கு,
மருத்துவர் ஆ. சிவகாமி, எம்.டி.
மனநல மருத்துவர்

இணைப்பு: ஆங்கிலத் தகுதிச் சான்றுப் படிவம், ஒரு பக்கம்.

கடிதத்தை முழுவதும் படித்தேன். இதைத் தலைமையாசிரியை அவர்களிடம் கொடுக்கச் சம்மதிக்கிறேன்.
சு. கலைவாணி, 12.09.2025