ஆன்டிபயாடிக் ஆர்டரும் நிறுத்தும் தேதியும்: மெடிசின் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு

வணக்கம் டாக்டர்ஸ். ஆண்கள், பெண்கள் மெடிசின் வார்டு இரண்டுக்கும் நான்தான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். நீங்கள் ரவுண்ட்ஸில் எழுதும் ஒவ்வொரு டிரக் சார்ட்டையும் நான் தினமும் பார்ப்பேன். உங்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். ஆன்டிபயாடிக் எழுதும்போதே எதற்காக, எந்தத் தேதி வரை என்பதையும் எழுதிவிடுங்கள். அப்புறம் தினமும் காலையில் அந்த இரண்டும் இன்னும் சரிதானா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் சிறுநீர்த் தொற்றோடு 68 வயது அம்மா ஒருவர் வந்தார். அமிகாசின் ஐந்து நாள் போதும் என்று ரவுண்ட்ஸில் வாயால் சொன்னார்கள், சார்ட்டில் யாரும் எழுதவில்லை. அங்கே சார்ட் ஒரு பக்கத்துக்கு ஏழு நாள் கட்டம். ஞாயிற்றுக்கிழமை பக்கம் தீர்ந்தது, டியூட்டி டாக்டர் எல்லா மருந்தையும் புதுப் பக்கத்தில் அப்படியே நகல் எடுத்து, தொடக்கத் தேதி என்று அன்றைய தேதியைப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பார்த்தவர்களுக்கு அது இரண்டாம் நாள் மருந்து. சிஸ்டர்கள் சார்ட்டில் இருந்ததைத் தவறாமல் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தை நானும் இரண்டு முறை புரட்டியிருக்கிறேன், பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கிரியேட்டினின் 0.9லிருந்து 3.1 ஆகியிருந்தது. மகன் ஏதோ கேட்க, அந்த அம்மா அவரைக் கையைக் காட்டிப் பக்கத்தில் வரச் சொல்லி, காதைத் திருப்பி வைத்துக்கொண்டார். கிட்னி சில வாரங்களில் தேறியது, காது திரும்பவில்லை.

அதனால் சார்ட்டை மாற்றி எழுதும்போது முதல் டோஸ் போட்ட தேதியைத்தான் புதுப் பக்கத்திலும் எழுத வேண்டும், நிறுத்தும் தேதியையும் கூடவே கொண்டுவர வேண்டும். முதல் டோஸ் போன நாள் ஒன்றாம் நாள். கேஷுவாலிட்டியில் போட்ட டோஸும் கணக்கில் சேரும், அது அடிக்கடி விட்டுப்போகிறது.

ஒரு ஆர்டர் எப்படி இருக்க வேண்டும் என்றால்: செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் ஐ.வி., தினம் ஒருமுறை காலை, காரணம் நிமோனியா, தொடக்கம் 6ஆம் தேதி, மறுபார்வை 8ஆம் தேதி, கடைசி டோஸ் 10ஆம் தேதி. இவ்வளவுதான். எதற்காக என்பது தெளிவில்லை என்றால் "காய்ச்சல், காரணம் தெரியவில்லை, 48 மணி நேரத்தில் முடிவு" என்று எழுதுங்கள், அதுவும் நேர்மையான காரணம்தான். சீஃப் நாள் சொல்லவில்லை என்றால் ரவுண்ட்ஸ் நகர்வதற்கு முன்னாலேயே "சார், எத்தனை நாள்?" என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டதற்காக இந்த யூனிட்டில் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

நாள் கணக்கில் எல்லாமே 7 அல்லது 14 என்று கை பழகிவிட்டது, அதை உடைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த சாதாரண நிமோனியாவுக்கு, காய்ச்சல் விட்டு நோயாளி நிலையாக இருந்தால் 5 நாள் போதும். செல்லுலைட்டிஸும் பெரும்பாலும் அப்படித்தான். சிக்கல் இல்லாத கிராம் நெகட்டிவ் ரத்தத் தொற்று, நோயாளி தேறி வந்தால், 7 நாள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளின் பொதுவாக 7 நாள். ஆனால் ரத்தத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்தால் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். குறைந்தது 14 நாள், அதுவும் முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும், எக்கோ பார்க்க வேண்டும். இதய வால்வு, எலும்புத் தொற்றுகளும் நீண்ட கணக்கு. அவற்றுக்கு நிறுத்தும் தேதிக்குப் பதில் அடுத்த மறுபார்வைத் தேதியை எழுதுங்கள், கட்டம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது.

சரி, தினமும் காலையில் என்ன பார்ப்பது? முதலில் கல்ச்சர். முதல் டோஸுக்கு முன்னால் ரத்தம் எடுத்திருக்க வேண்டும் (செப்டிக் ஷாக்கில் இருப்பவருக்கு அதற்காக டோஸைத் தாமதிக்காதீர்கள்). ரிப்போர்ட் வார்டுக்குத் தானாக வந்து சேரும் என்று காத்திருக்காமல் லேபுக்குப் போன் போடுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியதன் ரிப்போர்ட் ஞாயிற்றுக்கிழமை வந்து, திங்கள் மதியம் வரை யாரும் பார்க்காமல் கிடக்கும், அந்த ஒன்றரை நாள் மெரோபெனம் தேவையே இல்லாமல் ஓடும். எனவே சனிக்கிழமை ரவுண்ட்ஸிலேயே "இந்த ரிப்போர்ட் வந்தால் இதற்கு மாற்று" என்று டியூட்டி டாக்டருக்கு எழுதி வையுங்கள். கதீட்டர் போட்டவரின் சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கிறது, காய்ச்சலோ வேறு அறிகுறியோ எதுவும் இல்லை என்றால், பெரும்பாலும் அதற்கு மருந்து வேண்டாம்.

அடுத்து, வாய்வழிக்கு மாற்றலாமா? சாப்பிடுகிறார், வாந்தி இல்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது என்றால் கேளுங்கள். மெட்ரோனிடசோல், லினிசோலிட், லெவோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் எல்லாம் மாத்திரையாகக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட முழுதாக ரத்தத்தில் சேரும். காலை இட்லி சாப்பிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு, கேனுலா இடம் சிவந்து நரம்பு கயிறு மாதிரி தடித்த பிறகும், அதே கையில் மெட்ரோனிடசோல் பாட்டில் ஏறுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது.

அப்புறம் கிட்னி. கிரியேட்டினின் ஏறினால் டோஸைக் குறைக்க எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது, இறங்கினால் திரும்ப ஏற்ற மறந்துபோகிறது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்த மெரோபெனம், கிட்னி தேறிய பிறகும் அப்படியே போனால் டோஸ் பற்றாது.

கூட ஓடும் மருந்துகளையும் பாருங்கள். பிப்பெராசிலின் டாசோபாக்டமோ மெரோபெனமோ போகும்போது காற்றில்லா கிருமிகளுக்கு என்று மெட்ரோனிடசோலையும் சேர்ப்பது பெரும்பாலும் தேவையில்லாதது. வால்ப்ரோயேட் எடுக்கும் வலிப்பு நோயாளிக்கு மெரோபெனம் எழுதுவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். வால்ப்ரோயேட் அளவு சட்டென்று விழுந்து வலிப்பு வந்துவிடும், டோஸைக் கூட்டியும் சரிக்கட்ட முடியாது. லினிசோலிட் நீண்டுபோனால் பிளேட்லெட் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் அன்றும் கணக்கு தவறும். மொத்தம் 7 நாள், வார்டில் 4 நாள் ஊசி போய்விட்டது என்றால் வீட்டுக்கு 3 நாள் மாத்திரைதான். பழக்கத்தில் 5 நாள் என்று எழுதிவிடாதீர்கள். சம்மரியில் கடைசி நாளின் தேதியையே எழுதினால் வீட்டில் இருப்பவர்களுக்கும் குழப்பம் இல்லை.

நிறுத்துவதை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டாம், பி.ஜி.யிடமோ சீஃபிடமோ கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் கேள்வியை எழுப்ப வேண்டியது நீங்கள். சார்ட்டில் நான் பென்சிலால் வட்டம் போட்டிருந்தால், தேதி இல்லை அல்லது தேதி தாண்டிவிட்டது என்று அர்த்தம், மதியம் 12க்குள் பதில் எழுதுங்கள். தொடர்வதாக இருந்தால் ஏன் என்று ஒரு வரி போதும். கொலிஸ்டின், லினிசோலிட் போன்றவற்றுக்கு மைக்ரோபயாலஜி கையெழுத்து வேண்டும். இரவில் அவசரத்துக்கு முதல் டோஸ் தருவேன், காலையில் கையெழுத்து வந்துவிட வேண்டும். இன்டர்காம் 214, எந்த நேரமும் கூப்பிடலாம்.

நாளை காலை 8.15க்குப் பெண்கள் வார்டு 6ஆம் படுக்கையில் ஆரம்பிப்போம். அவருக்கு நாளை மெரோபெனம் நான்காம் நாள், கல்ச்சர் ரிப்போர்ட் இன்று மாலை வர வேண்டும், சார்ட்டில் நிறுத்தும் தேதி இல்லை. வரும்போது லேபில் கேட்டுவிட்டு வாருங்கள்.