செய்தி யோசனை: பாசிப் பூங்காவில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு என்ன இடம்?

வணக்கம் மேடம்,

நான் பாம்பன் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. உப்பளப் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதிய ஞாயிறு கட்டுரையை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சொல்ல வந்த விஷயம் இதுதான். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ.127 கோடியில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நாற்று, வளர்ப்பு, பதப்படுத்துதல் என்று எல்லாம் அதில் வருகிறது. ஆனால் இந்தக் கரையில் பாசித் தொழிலைத் தலைமுறையாகச் செய்கிறவர்கள் கடலுக்குள் முங்கி, பாறையிலிருந்து கையால் பாசி பறிக்கும் பெண்கள். அவர்களுக்கு அந்தத் திட்டத்தில் என்ன வேலை, என்ன வருமானம்? இந்த ஒரு கேள்வியைத்தான் செய்தியாக்கக் கேட்கிறேன்.

பாசி பற்றி இப்போது வருகிற செய்திகளில் பெரும்பாலும் மூங்கில் மிதவையில் வளர்க்கும் பாசிதான் இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயரே ‘பெப்சி பாசி’. அந்தக் கம்பெனிதான் அதை இங்கே வியாபாரமாகத் தொடங்கியது. எங்கள் பெண்கள் எடுப்பது வேறு: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற தட்டில் இருப்பது அகர்தான். அதற்கான பாசியைப் பறித்தவரின் விரலில் துணி சுற்றியிருக்கும், கண்ணில் ஒரு சாதாரணக் கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப் பை. காற்றுக்குழாய் எதுவும் கிடையாது, மூச்சை அடக்கித்தான் முங்குகிறார்கள். பறித்ததைக் கரையில் காயவைத்து வியாபாரியிடம் கிலோ கணக்கில் போடுவார்கள். படகு வாடகையும் டீசலும் போக மிச்சம்தான் வீட்டுக்கு.

முக்கியமான ஒன்று. இவர்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போகிறார்கள். அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். மற்ற நாளில் பாசி திரும்ப வளரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்துக் கடலைக் காத்ததற்காகக் கிடைத்தது. அப்படிக் காத்தவர்களிடம் பாசிப் பூங்காவைப் பற்றி அதிகாரிகள் என்ன பேசினார்கள் என்று நான் 11 பேரிடம் கேட்டேன். தங்களிடம் வந்து யாரும் கேட்கவில்லை என்றுதான் 11 பேரும் சொன்னார்கள். எண்ணிக்கை சிறியது, எனக்குத் தெரியும். மற்ற ஊர்களிலும் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, அங்கே பாசி எடுக்க வனத்துறை அனுமதிப்பதில்லை. பவளப்பாறையைக் காக்கத்தான் அந்தச் சட்டம். அது தேவையில்லை என்று இந்தப் பெண்களும் சொல்லவில்லை. பாசிப் பூங்கா வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மிதவைக்கு மாறலாம் என்று நினைக்கிற இளையவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், “எங்களுக்குத் தெரிஞ்சது முங்குறதுதான்” என்கிறார்கள். வனத்துறை, மீன்வளத்துறை இரண்டிடமும் நீங்கள் கேட்டால்தான் செய்தி முழுமையாகும். ஆசிரியையான நான் கேட்டால் பதில் வராது.

இப்போதே வரச் சொல்வதற்குக் காரணம், இன்னும் 9 நாளில் அமாவாசை. அதை ஒட்டிய நாட்களில் வந்தால் விடிகாலை படகு ஏறுவதையும் மதியம் பாசியோடு திரும்புவதையும் கரையிலிருந்தே பார்க்கலாம், படமும் எடுக்கலாம். அதை விட்டால் பௌர்ணமிதான். மூன்று பேர் பெயரும் படமும் போட்டுப் பேசத் தயார். நான்காவது ஒருவர் பேசுவார், ஆனால் பெயரும் படமும் வேண்டாம் என்கிறார். அவருடைய கணவருக்கு இன்னும் சம்மதம் இல்லை. தயவுசெய்து அதை மட்டும் காப்பாற்றுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் அம்மாவும் பாசி எடுக்கிறவர். நான் படித்தது அந்தக் காசில். அதனால் என் பேச்சை மட்டும் வைத்து எழுதாதீர்கள். அம்மாவைப் பேட்டி எடுக்கவும் வேண்டாம், மற்றவர்களிடம் பேசுங்கள்.

கரையில் காயவைத்த பாசி, விரல் தழும்பு, கண்ணாடி என நானே எடுத்த 6 படங்களை இணைத்திருக்கிறேன். அவை பார்ப்பதற்கு மட்டும், அச்சிட அல்ல. வியாபாரி தந்த மூன்று எடைச் சீட்டுகளும் இருக்கின்றன, வந்தால் காட்டுகிறேன்.

பள்ளி முடிந்து மாலை 5 மணிக்கு மேல் பேச முடியும். இந்த மெயிலுக்கு ஒரு வரி பதில் போட்டால் என் எண்ணை அனுப்புகிறேன். உங்கள் பத்திரிகைக்கு இது பொருந்தாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அமாவாசைக்குள் வேறு ஒருவரைக் கேட்டுப் பார்ப்பேன்.

அன்புடன்,
முத்துலட்சுமி
பாம்பன்