ரொறன்ரோ ஈழத்தமிழ்க் குடும்பங்களில் மனநோய்: களங்க அச்சமும் உதவி நாடலும் (மருத்துவர்களுக்கான சுருக்கம்)

இந்தக் குறிப்பு ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் பணிபுரியும் குடும்ப மருத்துவர்கள், தாதியர், சமூகப் பணியாளர்களுக்காக எழுதப்பட்டது. மருந்துத் தெரிவு பற்றி இதில் எதுவும் இல்லை. நோயாளி நம் கதவைத் தட்டும்வரை என்ன நடக்கிறது, தட்டியபின் ஏன் திரும்பிப் போய்விடுகிறார் என்பதே பொருள்.

முதலில் அளவு. 2003இல் வெளியான மோர்டன் பைசர் குழுவினரின் ரொறன்ரோத் தமிழர் ஆய்வில், ஏறத்தாழ 12 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் காணப்பட்டது. அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். அது 2009 மே மாதத்துக்கு முந்திய கணக்கு. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள் அதற்குப் பிறகே நம்மிடம் வரத் தொடங்கினார்கள்.

மீதி ஒன்பது பேர் ஏன் வரவில்லை? 'அறியாமை' என்று எழுதிவிட்டுப் போவது எளிது, சரியல்ல. மனநோய் என்று ஒன்று உண்டு, அதற்கு மருந்தும் உண்டு என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியும். அவர்கள் அஞ்சுவது வெளியே தெரிந்துவிடுவதற்கு. ஒரு பிள்ளைக்கு 'விசர்' என்ற பெயர் விழுந்தால் அது அந்தப் பிள்ளையோடு நிற்பதில்லை. அக்காவின் கல்யாணப் பேச்சுவரை போகிறது. மாப்பிள்ளை வீட்டார் ரொறன்ரோவில் மட்டுமா விசாரிப்பார்கள்? இலண்டனிலும் பாரிஸிலும் ஊரிலும் விசாரிப்பார்கள். கடல் கடந்து வந்ததால் ஊரின் கண் விலகிவிடவில்லை. அது கைபேசிக்குள் ஏறிக் கூடவே வந்திருக்கிறது.

சொற்களையும் கவனியுங்கள். 'மனநல மருத்துவமனை' என்றதும் மூத்தவர்களின் காதில் விழுவது 'அங்கொடை' அல்லது 'மந்திகை'. ஊரில் இந்த இரண்டு பெயர்களும் ஒருவரை ஏசுவதற்கே பயன்பட்டவை. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பமென்றால் அதே இடத்தில் 'கீழ்ப்பாக்கம்' நிற்கும். ஆகவே முதல் சந்திப்பிலேயே 'மனநோய்' என்ற சொல் தேவையில்லை. அவர்களிடமே சொற்கள் இருக்கின்றன: யோசனை கூட, மனம் சரியில்லை, நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, உடம்பு உளைகிறது. அவற்றையே எடுத்துக் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள்.

ஒரு காட்சி. பலருடைய கதைகளைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர், இரண்டு ஆண்டுகளாகத் தலையிடி. ஸ்கேன் எடுத்தாயிற்று, கண் பார்த்தாயிற்று, இரத்த அழுத்தமும் சரி. மகன் மொழிபெயர்க்கிறார். "சாக வேண்டும் என்ற எண்ணம் வருவதுண்டா?" என்ற கேள்வியை மகன், "அம்மா, நித்திரை கொள்கிறீர்கள்தானே?" என்று மாற்றிக் கேட்டார். அம்மா தலையாட்டினார். மகன் ஆங்கிலத்தில் 'இல்லை' என்றார். தமிழ் தெரிந்ததால் நான் பிடித்துக்கொண்டேன். தெரியாத மருத்துவர் 'இல்லை' என்று பதிந்திருப்பார். மகனை வெளியே இருக்கச் சொன்னபின் ஐந்து நிமிடம் மௌனம். பிறகு, 2009இல் இராணுவத்திடம் கையளித்த கணவரைப் பற்றிப் பேசினார். நெற்றியில் குங்குமம் இருந்தது. இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் அவர் அழிக்கவில்லை, திவசமும் செய்யவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்திடம் 'காலமான உங்கள் கணவர்' என்று தவறியும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லோடு சந்திப்பு முடிந்துவிடும்.

இதிலிருந்து முதல் விதி: வீட்டார் மொழிபெயர்ப்பாளர் ஆகக்கூடாது. பிள்ளைகள் ஒருபோதும் கூடாது. பி.எச்.கியூ-9 படிவத்தைத் தமிழில் கொடுத்தாலும் மகன் நிரப்பிக் கொடுத்தால், சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்குப் பெரும்பாலும் பூச்சியம்தான். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில், நோயாளியின் பெயர் சொல்லாமல் அழைப்பது நேரில் அழைப்பதைவிட நல்லது. நேரில் வருபவர் பக்கத்துத் தெருக்காரராக இருந்துவிடலாம்.

இரண்டாவது, தமிழ் மருத்துவர்களுக்கான உறுத்தலான செய்தி. தமிழ் நோயாளியைத் தமிழ் மருத்துவரிடம் அனுப்பினால் போதும் என்ற எண்ணம் பாதிதான் சரி. சிலர் நம்மைத் தவிர்ப்பதே நாம் தமிழர் என்பதால். நாம் பரிவோடு கேட்கும் 'நீங்கள் எந்த ஊர்?' என்ற கேள்வி, அவர்களுக்குச் சாதியையும் சொந்தத்தையும் துருவும் கேள்வியாகக் கேட்கும். நானே பல ஆண்டுகள் கேட்டுவந்தேன், இப்போது கேட்பதில்லை. அனுப்புமுன், "தமிழ் பேசுபவர் வேண்டுமா, வேறு ஒருவர் வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

கோயில், சாத்திரம், நூல் கட்டுதல், செய்வினை பற்றிய பேச்சு வரும். ஏழரைச் சனி முடியட்டும் என்று ஒரு தாய் காத்திருப்பார். எள்ளி நகையாடினால் அடுத்த முறை வரமாட்டார். நேர்த்தியும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்று சொன்னால் பெரும்பாலோர் இரண்டையும் செய்கிறார்கள். ஆனால் கட்டிவைத்தல், அடித்தல், பட்டினி போடுதல் என்று கேள்விப்பட்டால் அங்கே பரிவுக்கு இடமில்லை. தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர்கள் 28 பேர் தீயில் கருகியதை நினைவில் வையுங்கள்.

இளையோர் வேறு கதை. அவர்கள் பள்ளி ஆலோசகரிடம் ஏற்கெனவே பேசியிருப்பார்கள். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில், "நாங்கள் பங்கருக்குள் இருந்து படித்தோம், உனக்கு என்ன குறை?" ஒன்ராறியோவில் சிகிச்சைக்கு ஒப்புதல் தரக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை, புரிந்து முடிவெடுக்கும் திறனே அளவுகோல். இதைப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லுங்கள். பெற்றோரைப் பகைத்துக்கொண்டும் பயனில்லை, ஏனென்றால் மருந்துக் கடைக்குக் காரோட்டிப் போகப்போவது அப்பாதான்.

மருந்தை இடையில் நிறுத்துவதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி கேட்கிறேன்: 'பழகிவிடும்', 'சுகமாகிவிட்டது'. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த மாத்திரைகளும் வீட்டில் இருக்கலாம். பையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். தனியார் உளவியலாளரின் கட்டணத்தை ஒஹிப் தராது என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பில்லைக் கண்டபின் மறைந்துபோனவர்கள் பலர்.

தற்கொலை எண்ணத்தை நேராகவே கேளுங்கள். 'செத்தால் நல்லது' என்பது தமிழில் அன்றாட அலுப்புச் சொல்தான். அதனாலேயே அதைக் கடந்து போய்விடுகிறோம். "அப்படிச் சொல்லும்போது எப்படிச் சாவது என்றும் யோசித்தீர்களா?" என்பது அடுத்த கேள்வி. 9-8-8 நெருக்கடி எண் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசும். எனவே ஆங்கிலம் தெரியாத மூத்தவருக்கு அந்த எண்ணை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பக்கூடாது. அழைக்க உதவும் ஒருவரையும் அப்போதே தீர்மானியுங்கள். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18, கறுப்பு யூலையை நினைவுகூரும் யூலை இறுதி, மாவீரர் நாளான நவம்பர் 27 ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் மறு சந்திப்பை முன்னால் போட்டுவையுங்கள்.

கடைசியாக இரகசியம். 'எல்லாம் இரகசியம்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. யாருக்குச் சொல்லமாட்டோம் என்று எண்ணிச் சொல்லுங்கள்: கணவருக்கு, மாமியாருக்கு, வரவேற்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லமாட்டோம்; கோயிலில் சந்தித்தால் உங்களிடமே வணக்கத்துக்குமேல் எதுவும் பேசமாட்டோம். உயிராபத்து என்றால் மட்டும் பேசவேண்டிவரும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். சிகிச்சைப் பதிவு குடிவரவு அலுவலகத்துக்குத் தானாகப் போவதில்லை என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வீட்டுத் தொலைபேசியில் குரல் செய்தி விடலாமா, கடித உறையில் 'மனநலப் பிரிவு' என்ற முகவரி முத்திரை இருக்கலாமா என்று கேட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.