தாழ்வாரம் மடல்: ஐப்பசி இதழ்

வாசக நண்பர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை நம் பக்கத்துச் சுவர்கள் காயாது. அதனால் இந்த மாத மடலில் பெரும்பகுதி, உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் புத்தகங்களுக்கானது. கடைக்குப் புதிதாக வந்தவற்றின் பட்டியல் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேண்டும் என்று பதில் எழுதினால் படம் எடுத்து அனுப்புகிறோம்.

அலமாரியில் இந்த வாரமே செய்ய வேண்டியது

அலமாரி சுவரை ஒட்டி நின்றால் இரண்டு அங்குலம் முன்னால் இழுத்து வையுங்கள். சுவரின் ஈரம் முதலில் பின்பலகைக்கும், அங்கிருந்து புத்தகத்தின் விளிம்புக்கும் போகிறது. கீழ்த்தட்டு தரையிலிருந்து நான்கு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். செங்கல் கொடுத்துத் தூக்கினாலும் சரிதான். வரிசைக்குள் ஒரு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். இறுக்கி அடுக்கினால் நடுவில் காற்றுப் போகாது, பூஞ்சை அங்கேதான் தொடங்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே அதற்குப் போதும். மழைக்காலத்தில் நம் வீடுகளில் அது சர்வசாதாரணம்.

புத்தகத்தைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வைப்பது பலரும் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். தட்டில் விரிக்கும் செய்தித்தாளும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இப்போதே எடுத்துவிடுங்கள். வேப்பிலை வைப்பவர்கள் சருகாகக் காய்ந்ததை மட்டும் வையுங்கள், பச்சை இலை ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். வசம்புத் துண்டு நல்லது. நாப்தலீன் உருண்டை பூஞ்சையைத் தடுக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

எந்தப் பூச்சி என்று தெரிந்தால் வேலை எளிது. தாளின் மேற்பரப்பைச் சுரண்டியது போலவும், அட்டையில் பசை உள்ள இடம் அரித்தும் இருந்தால் இராமபாணப் பூச்சி. பொடியாக, வெளிறிய நிறத்தில் ஓடுபவை புத்தகப் பேன். அவை பூஞ்சையைத் தின்ன வருபவை, ஈரம் குறைந்தால் தானாகப் போய்விடும். சுவரோரம் மண் கோடு தெரிந்தால் கரையான். அந்த அலமாரியை அன்றைக்கே காலி செய்யுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் தட்டு முழுவதும் போய்விடும்.

புத்தகம் நனைந்துவிட்டால்

நனைந்த இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும்.

ஊறிப்போன புத்தகத்தை உடனே விரிக்காதீர்கள், தாள் கிழியும். மூடியபடியே, துண்டு விரித்து அதன்மேல் நிமிர்த்தி நிறுத்தித் தண்ணீரை வடிய விடுங்கள். வடிந்ததும் இருபது பக்கத்துக்கு ஒன்றாக, எழுதாத வெள்ளைத் தாளைச் செருகுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். செருகிய தாள்களின் மொத்தத் தடிமன் புத்தகத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகு விரிந்து தையல் விட்டுப்போகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மின்விசிறி ஓடட்டும், ஆனால் காற்று நேராகப் பக்கங்களில் அடிக்கக் கூடாது. வெயிலிலும் வைக்க வேண்டாம். தாள் சுருண்டு பழுப்பேறும், அட்டை வளையும். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றினால் புத்தகம் ஓரளவு பழைய வடிவத்துக்கு வரும்.

வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான ஓவிய நூல், குழந்தைகள் படப் புத்தகம் என்றால் இந்த வழி போதாது. அந்தத் தாளின் பூச்சு ஈரத்தில் பசையாகி, காயும்போது பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒட்டிக் காய்ந்தபின் பிரிக்க முடியாது. ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் தாள் வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். (பையைப் பற்றி மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு.) குளிரில் பூஞ்சை வளராது, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். நிறையப் புத்தகம் ஒரே சமயத்தில் நனைந்தாலும் இதுதான் வழி.

சாக்கடைத் தண்ணீரில் நனைந்ததைக் காப்பாற்ற முயல வேண்டாம். பூஞ்சை பிடித்ததை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கும். முழுவதும் உலர விட்டு, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். முதுகு பிரிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாமல் பைண்டரிடம் கொடுங்கள். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். பைண்டர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, ஆகவே பைண்டிங் முடிந்து வந்த புத்தகம் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் கையில் போக வேண்டாம்.

சென்ற மாதக் கேள்விக்கு நீங்கள் சொன்னது

வீட்டில் பெரியவர்கள் படிக்க எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். எழுத்தளவு மட்டுமில்லை என்று எழுதியவர்கள் எங்கள் கேள்வியையே திருத்திவிட்டார்கள். வரி இடைவெளி, வெள்ளைத் தாளின் பளபளப்பு, படுத்துக்கொண்டு தூக்க முடியாத கனம் ஆகியவை சேர்ந்தே கண்ணையும் கையையும் களைக்க வைக்கின்றன. ஆகவே முன்தட்டுப் புத்தகங்களில் சிறு சீட்டு வைக்கத் தொடங்கியிருக்கிறோம்: எழுத்து எத்தனை புள்ளி, தாள் வெள்ளையா நேச்சுரல் ஷேடா, எடை எத்தனை கிராம். 14 புள்ளிக்கு மேல், 400 கிராமுக்குள் இருப்பவற்றுக்குத் தனித் தட்டு ஒன்று. சீட்டில் இன்னும் என்ன சேர்க்கலாம்?

வாங்காமலே படிக்க

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். கிளை நூலகத்தில் உறுப்பினராக இல்லாதவர்கள் இதைச் சாக்காக வைத்துச் சேர்ந்துவிடுங்கள். அச்சில் இல்லாத பழைய நூல் கேட்டு வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது tamildigitallibrary.in. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளம் அது. பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். இலக்கியப் பனுவல்களுக்கு, 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டம் இருக்கிறது: projectmadurai.org. அங்கே கிடைப்பதற்காக எங்களிடம் காத்திருக்க வேண்டாம்.

இந்த மாதக் கேள்வி

உங்கள் வீட்டிலேயே மிகப் பழைய தமிழ்ப் புத்தகம் எது? தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, உங்களிடம் இருப்பது எத்தனையாவது பதிப்பு, எந்த ஊர் அச்சகம், என்ன விலை என்ற நான்கையும் எழுதுங்கள். ஆண்டு இல்லாவிட்டால் முன்னுரையின் அடியில் தேடுங்கள். சிலவற்றில் பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டு மட்டும் இருக்கும். அந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் அச்சகத்தின் பெயரையும் சேர்த்தால்தான் காலத்தைக் கணிக்க முடியும். குடும்பத்தார் ஓரத்தில் எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் அச்சகங்களில் வந்தவற்றை ஒரு பட்டியலாக்கி அடுத்த மடலில் தர எண்ணம். பெயர் போட வேண்டாம் என்றால் அப்படியே குறிப்பிடுங்கள்.

இந்த மடலுக்கு நேராகப் பதில் எழுதலாம், குரல் பதிவாகவும் அனுப்பலாம், கடையில் சீட்டெழுதிக் கொடுத்தாலும் சேரும். நவம்பர் 20க்குள் வந்தால் கார்த்திகை மடலில் இடம்பெறும்.

கடை நேரம்

காலை 10 முதல் இரவு 8 வரை. கனமழை நாட்களில் மாலை 6 மணிக்கே அடைப்போம். பழைய புத்தகங்களை விலைக்கு எடுப்பது தை மாதம் வரை இல்லை. பூஞ்சை பிடித்த ஒன்று உள்ளே வந்தால் தட்டே கெடும். நனைந்த புத்தகத்தை என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் மட்டும் பையில் கட்டி எடுத்து வாருங்கள், வாசல் திண்ணையில் வைத்துப் பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
தாழ்வாரம் புத்தகக் கடை, மயிலாடுதுறை