அப்பாவின் வருத்தமும் மருந்துகளும்: திகதி வரிசை

நோயாளி: ஆண், வயது 63, வவுனியா, விவசாயம்.
காட்டுவது: மாளிகாவத்தை சிறுநீரக வைத்தியசாலை, முதல் கிளினிக், 2025 பெப்ரவரி.
எழுதியவர்: மகள், மருந்தாளர், வெள்ளவத்தை.

டொக்டர், அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த ஷொப்பிங் பையில் கிடந்த தாள்களை வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் இலக்கமிட்டு ஃபைலில் போட்டிருக்கிறேன். கீழே அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்த இலக்கம். தாளில் இல்லாமல் வீட்டார் சொன்னவற்றுக்கு ‘வீட்டார்’ என்று குறித்துள்ளேன். கிரியற்றினின் சில தாள்களில் மி.கி அளவிலும் சிலவற்றில் மைக்ரோமோல் அளவிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் மி.கி/டெ.லீ ஆக்கி (88.4 ஆல் பிரித்து), தாளில் உள்ள எண்ணையும் பக்கத்தில் விட்டிருக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 17. தலைச்சுற்று என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போனார். பிறஷர் 168/100. வெறும் வயிற்றுச் சீனி 104. அம்லோடிபின் 5 மி.கி தொடக்கம். (1, 2)

2023 ஜனவரி 11. பிறஷர் 156/94. அம்லோடிபின் 10 மி.கி ஆக்கப்பட்டது. (3)

2023 ஏப்ரல். இரண்டு கணுக்காலும் வீக்கம். கிளினிக் கொப்பியில் இந்தப் பக்கம் நனைந்து மை கரைந்திருக்கிறது. ‘கால் வீக்கம், ஈ.சி.ஜி சரி’ என்பது மட்டும் வாசிக்கக் கிடைக்கிறது. வருடப்பிறப்புக்கு வாங்கிய செருப்பு அதே மாதத்திலேயே போட முடியாமல் போனதாம் (வீட்டார்). ஆகவே மருந்து கூடி ஏறக்குறைய 3 மாதத்தில் வீக்கம். (4, 5)

2023 மே 9. புருசமைட் 40 மி.கி, காலையில் ஒன்று. கொப்பியில் இல்லை, பார்மசி ரசீதில்தான் திகதி கிடைத்தது. (6) அதே மாதம் நாட்டு வைத்தியரின் நெருஞ்சில் கசாயமும் இரண்டு கிழமை குடித்திருக்கிறார் (வீட்டார்).

2023 செப்டெம்பர் 20. பிறஷர் 150/92. லோசாட்டன் 50 மி.கி சேர்க்கப்பட்டது. கிரியற்றினின் 1.1 (தாளில் 97 மைக்ரோமோல்). இதற்கு முந்திய கிரியற்றினின் முடிவு எதுவும் பையில் இல்லை. (7, 8)

2024 பெப்ரவரி 2. வலது கால் பெருவிரல் அடிமூட்டில் திடீர் வலி, சிவப்பு; போர்வை பட்டாலும் தாங்கவில்லை. யூரிக் அசிட் 8.9. பரசிற்றமோல் கொடுக்கப்பட்டு ஒரு கிழமையில் அடங்கியது. (9, 10)

2024 ஏப்ரல் 6. தனியார் ஆய்வுகூடம்: கிரியற்றினின் 1.1, சிறுநீரில் புரதம் இல்லை. (11)

இந்தத் தாளில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதில் அச்சாகியிருப்பது 04/06/2024. நாங்கள் வழக்கமாக வாசிப்பதுபோல் வாசித்தால் ஜூன் 4. பரிந்துரைக் கடிதத்துடன் வந்த சுருக்கத்திலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதே ஆய்வுகூடம் கொடுத்த இன்னொரு தாளில் (13) 05/28/2024 என்று இருக்கிறது. 28 ஆவது மாதம் கிடையாது. அந்தக் கணினி மாதத்தை முதலில் போடுகிறது. ஆகவே இது ஏப்ரல் 6. பணம் கட்டிய ரசீதிலும் ஏப்ரல் 6 என்று எழுத்தில் உள்ளது (11 இன் பின்னால் குத்தியிருக்கிறேன்). ஜூன் என்று எடுத்தால், வலிக்குளிசை போட்டு ஆறு கிழமைக்குப் பிறகும் சிறுநீரகம் நன்றாக இருந்ததுபோல் தோன்றும். ஏப்ரல் என்றால், அது வலிக்குளிசைக்கு முந்திய அளவு.

2024 ஏப்ரல் 22. பெருவிரல் வலி மறுபடி. தனியார் வைத்தியர்: டைக்குளோபெனாக் 50 மி.கி, நாளுக்கு இரண்டு, 5 நாள். புருசமைட், லோசாட்டன் தொடர்ந்தன. (12)

2024 மே 28. யூரிக் அசிட் 9.2. கிரியற்றினின் பார்க்கப்படவில்லை. (13)

2024 மே முதல் செப்டெம்பர் வரை. துண்டு இல்லாமலே டைக்குளோபெனாக் வாங்கியிருக்கிறார். மே 11, ஜூன் 20, ஓகஸ்ட் 3, செப்டெம்பர் 15 ரசீதுகள் இருக்கின்றன. (14 முதல் 17) அறுவடை நாட்களில் இரவுக்கு ஒன்று கட்டாயம், சில நாள் காலையிலும் என்கிறார் அம்மா. அப்பாவைக் கேட்டால் ‘எப்பவாவது’ என்பார். ரசீதுகள் அம்மாவின் பக்கம். வைத்தியர் எழுதிய 5 நாளைத் தவிர மற்றவை எந்தக் கிளினிக் கொப்பியிலும் இல்லை. அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

2024 ஜூலை 17. கிரியற்றினின் 1.4 (தாளில் 124). தாள் மட்டும் இருக்கிறது, கொப்பியில் ஏறவில்லை. பக்கத்தில் 1.1 என்றும் 124 என்றும் வேறு வேறு அலகில் கிடந்தால் ஏற்றம் கண்ணில் படாது. (18)

2024 செப்டெம்பர் 26 முதல் 30 வரை. இரண்டு நாள் வயிற்றோட்டம், வாந்தி. எழும்பி நிற்கத் தலைசுற்றி விழுந்தார். அனுமதி. பிறஷர் 94/60, கிரியற்றினின் 2.6, பொட்டாசியம் 5.7. சேலைன் ஏற்றப்பட்டது, புருசமைட்டும் லோசாட்டனும் நிறுத்தப்பட்டன. வீடு வரும்போது 2.1 (தாளில் 186). வெளியேறும் அட்டையில் வலிக்குளிசை பற்றி ஒரு சொல்லும் இல்லை. வயிற்றோட்டம் தொடங்கிய பிறகும் லோசாட்டன், புருசமைட், டைக்குளோபெனாக் மூன்றையும் விடாமல் போட்டிருக்கிறார் (வீட்டார்). (19 முதல் 22)

2024 ஒக்டோபர் 14. ஸ்கான்: வலது சிறுநீரகம் 10.1 செ.மீ, இடது 10.3 செ.மீ, அடைப்பு இல்லை. (23)

2024 நவம்பர் 13. பிறஷர் 158/96. லோசாட்டன் 50, புருசமைட் 40 இரண்டும் மறுபடி தொடக்கம். (24)

2025 ஜனவரி 20. கிரியற்றினின் 1.5 (தாளில் 132), பொட்டாசியம் 4.6, சிறுநீரில் புரதம் இல்லை. (25)

2025 ஜனவரி 22. பரிந்துரைக் கடிதம்: ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயா?’ கடிதத்தில் 2.6 மட்டும் இருக்கிறது. அதற்கு முந்தியதும் பிந்தியதும் இல்லை. (26)

எங்கள் பக்கத்து விவசாயி, கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர் என்றால் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை, முடிவு உங்களுடையது. ஆனால் தாள்களை வரிசையாக வைத்தபோது தெரிந்த ஒழுங்கு இது: அம்லோடிபின் கூடியது, கால் வீங்கியது, வீக்கத்துக்குப் புருசமைட், பிறகு யூரிக் அசிட்டும் விரல் வலியும், வலிக்கு டைக்குளோபெனாக், அதன் பிறகே கிரியற்றினின் ஏற்றம். லோசாட்டன், புருசமைட், டைக்குளோபெனாக் மூன்றும் ஒன்றாக இருந்தபோது வயிற்றோட்டமும் வந்திருக்கிறது. தீபாவளிக்குப் போட்ட இரண்டைத் தவிர வலிக்குளிசை நின்ற பிறகு 2.6 இலிருந்து 1.5 க்கு இறங்கியிருக்கிறது, பழைய 1.1 க்கு இன்னும் வரவில்லை.

இப்போது போடுபவை (குளிசைப் பையைக் கொட்டிப் பார்த்தது): அம்லோடிபின் 10 இரவில், லோசாட்டன் 50 காலையில், புருசமைட் 40 காலையில். பையின் அடியில் டைக்குளோபெனாக் அட்டையில் 4 மிச்சம் இருந்தது, எடுத்துவிட்டேன். தீபாவளிக்கு இரண்டு போட்டதாக அம்மா சொன்னார். கால் வீக்கம் இன்றும் இருக்கிறது, மாலையில் கூடும். ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை. புகைப்பதில்லை.

கேட்க வேண்டியவை: வீக்கம் அம்லோடிபினால் என்றால் அதைக் குறைத்து அல்லது மாற்றி, புருசமைட்டை நிறுத்த முடியுமா? விரல் வலி மறுபடி வந்தால் எதைப் போடலாம்? வயிற்றோட்டம், வாந்தி வரும் நாளில் எந்தக் குளிசையை விடவேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழில் எழுதித் தருவீர்களா? அம்மாதான் குளிசை எடுத்துக் கொடுப்பவர்.

தம்பிக்கு: அன்று எனக்கு லீவு இல்லை, நீதான் அப்பாவுடன் போக வேண்டும். டொக்டர் அவசரத்தில் இருந்தால் 11, 18, 22, 25 ஆகிய நான்கு தாள்களையும் ரசீதுகளையும் மட்டும் காட்டு. மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்திருக்கிறேன். வலிக்குளிசை பற்றிக் கேட்டால் அப்பா முந்திக்கொண்டு ‘எப்பவாவது’ என்று சொல்லுவார். நீ ரசீதை எடுத்துக் கொடு.